"அலைகடல்" வினாவுக்கு விடை ஆ-வா, ஈ-யா? (பலவுள் தெரிக வினா எழுதுவோருக்கு)

பள்ளிமணி | 12 ஜூன், இரவு 9.40

பத்தாம் வகுப்பு அலகுத் தேர்வில் நான் வைத்த ஒரு மதிப்பெண் வினா:

'அலைகடல்' – இலக்கணக்குறிப்பு தருக.
அ) பண்புத்தொகை
ஆ) வினைத்தொகை
இ) உவமைத்தொகை
ஈ) வேற்றுமைத்தொகை

என் விடைக்குறிப்பில் ஆ. அலைகின்ற கடல், அலைந்த கடல், அலையும் கடல் என மூன்று காலத்துக்கும் விரிகிறது. ஆனால் ஈ எழுதியவர்கள் "அலையை உடைய கடல் என்று விரித்தோம், இதில் என்ன தப்பு" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை. ஈ-க்கும் மதிப்பெண் போடலாமா?

---

நூற்பா | 12 ஜூன், இரவு 10.15

போட வேண்டாம். வேற்றுமைத்தொகை என்றால் வல்லினம் மிகுந்து "அலைக்கடல்" என்று வரும். வினைத்தொகையில் மிகாது. நீங்கள் ஒற்றில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள், எனவே வினைத்தொகை மட்டுமே. விடைக்குறிப்பு சரி, மாணவர்கள் தவறு.

---

செம்மைக்கோல் | 13 ஜூன், காலை 6.30

நூற்பா ஐயா சொன்னதில் முதல் பாதி உறுதியானது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் எதிலும் ஒற்று வராது. மறுபாதியை அப்படியே ஏற்க முடியாது. வேற்றுமைத்தொகை என்றாலே மிகும் என்று விதி இல்லை. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் மிகாது: தமிழ் கற்றார், நீர் குடித்தான். உருபோடு பயனும் சேர்ந்து மறைந்தால்தான் மிகும்: தயிர்க்குடம், தயிரை உடைய குடம்.

மாணவர் சொல்லும் "அலையை உடைய கடல்" இந்த இரண்டாவது வகை. அதனால் "அலைக்கடல்" என்றுதான் வர வேண்டும். இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை ஐயாவின் முடிவு நிற்கிறது.

வினா நிற்கிறதா என்பது வேறு. நீங்கள் கேட்க நினைத்தது காலம் மறைந்திருப்பதைக் கண்டுகொள்கிறார்களா என்று. வினா கேட்டுவிட்டது புணர்ச்சி விதியில் ஒரு நுணுக்கத்தை. வினைத்தொகையை நன்றாகத் தெரிந்த பிள்ளையும் உருபும் பயனும் உடன்தொக்க தொகையில் ஒற்று மிகும் என்பது நினைவுக்கு வராவிட்டால் ஈ-யில் விழுவாள்.

கோளாறு "அலை" என்ற சொல்லில் இருக்கிறது. அது பெயராகவும் நிற்கும், வினைப்பகுதியாகவும் நிற்கும். படி, அடி, முடி, நடி என்று பகுதிகளை எழுதிக்கொண்டு, பெயராகவும் வருகிறவற்றை அடித்துவிட்டால் இந்தச் சண்டை எழாது. இந்த நான்கில் தப்புவது "நடி" மட்டும்தான். சுடு, வளர், தேய், உயர் போன்றவை இன்றைய வழக்கில் வினையாக மட்டும் நிற்கின்றன.

இன்னொன்று. "அலைகடல்" என்பதில் ககரம் இருப்பதால் ஒற்றாவது சாட்சி சொல்கிறது. "அலைநீர்" என்று கேட்டிருந்தால் அந்தச் சாட்சியும் இல்லை. அலைகின்ற நீரா, அலையை உடைய நீரா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியே கிடையாது.

---

குரூப்நாலு | 13 ஜூன், காலை 8.05

சார், எனக்கும் இந்த ஏரியாவில்தான் மார்க் போகுது. விரிச்சுப் பார்த்தா மூணு காலமும் வந்தா வினைத்தொகை, 'மை' வந்தா பண்புத்தொகை, 'போல' வந்தா உவமை, 'உம்' வந்தா உம்மை. இது போதுமா? தெரியலைன்னா எந்த ஆப்ஷன் போடலாம்?

---

பள்ளிமணி | 13 ஜூன், காலை 8.20

தம்பி, இங்கே பேசுவது வினா எழுதுவது பற்றி. விடை எழுதுவது பற்றி இல்லை.

---

செம்மைக்கோல் | 13 ஜூன், காலை 9.00

அவர் கேட்டது நமக்கும் தேவைப்படுகிறது, அவரே சொல்லட்டும். தம்பி, விடை தெரியாதபோது எதைப் பார்த்து முடிவு பண்ணுகிறீர்கள்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

---

குரூப்நாலு | 13 ஜூன், மதியம் 1.30

முதல்ல நீளமானதைப் பார்ப்பேன். மூணு ஆப்ஷன் ஒரே வார்த்தையா இருந்து ஒண்ணு மட்டும் "இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை"ன்னு இருந்தா அதுதான். சும்மா போடுறதுக்கு யாரும் அவ்வளவு எழுத மாட்டாங்க.

ரெண்டாவது, சம்பந்தமே இல்லாததை அடிச்சிடுவேன். இந்த அலைகடல் கேள்வியிலேயே உவமைத்தொகையை யாரும் போட மாட்டாங்க. அப்போ மூணுதான் மிச்சம்.

மூணாவது, ரெண்டு ஆப்ஷன் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருந்தா விடை அந்த ரெண்டுக்குள்ள இருக்கும். பெயரெச்சம், எதிர்மறைப் பெயரெச்சம் மாதிரி.

---

செம்மைக்கோல் | 13 ஜூன், இரவு 9.10

இதில் ஒவ்வொன்றும் வினா எழுதியவர் விட்ட ஓட்டை. நீளத்தை அடைக்க எளிய வழி உண்டு. விடை நீளமான பெயராக இருந்தால் தவறான தெரிவுகளில் ஒன்றாவது அதே நீளத்தில் இருக்கட்டும். "மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை" என்று பக்கத்தில் வைத்தால் நீளம் காட்டிக்கொடுக்காது, உண்மையான சோதனையும் ஆகிவிடும்.

மூன்றாவது ஓட்டைதான் ஆபத்தானது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தெரிவுகள். 'சாரைப்பாம்பு' என்று கேட்டுவிட்டு பண்புத்தொகை, இருபெயரொட்டுப் பண்புத்தொகை இரண்டையும் வைத்தால் இரண்டுமே சரி. இரண்டாவது முதலாவதன் வகை. "மிகச் சரியானதைத் தேர்க" என்று தலைப்பில் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆட்சேபம் வந்தால் அது நிற்காது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். "மல்லிகை சூடினாள்" என்பதற்குப் பொருளாகுபெயர், முதலாகுபெயர் இரண்டையும் தெரிவில் வைத்த தாளைத் திருத்தியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான்.

நான்கு தெரிவென்றால் ஆறு இணை. ஒவ்வோர் இணையையும் எடுத்து "இது அதன் வகையா? இது அதன் இன்னொரு பெயரா?" என்று கேட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

---

பள்ளிமணி | 14 ஜூன், காலை 7.00

சரி, உவமைத்தொகை செத்த தெரிவு என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதில் "பெயரெச்சம்" போடுகிறேன். பிள்ளைகள் உண்மையிலேயே செய்யும் பிழை அதுதான். "அலைகின்ற" என்று விரித்ததும் அது பெயரெச்சமாகத் தெரிகிறது, அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

---

நூற்பா | 14 ஜூன், காலை 7.45

அதைப் போடவே கூடாது. நன்னூல் வினைத்தொகைக்குச் சொல்லும் இலக்கணமே "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்பது. பெயரெச்சம் என்று எழுதிய மாணவர் இந்த நூற்பாவைக் காட்டி மதிப்பெண் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

---

செம்மைக்கோல் | 14 ஜூன், காலை 8.10

ஐயா சொல்வது முழுக்கச் சரி. மாணவரை அதிகம் இழுக்கும் தவறான தெரிவு பல நேரம் பாதி உண்மையாக இருக்கும். அதனால்தான் அது இழுக்கிறது. எனவே எந்தப் பிழையைத் தெரிவாக வைப்பது என்று இரண்டு முறை சலிக்க வேண்டும்.

முதல் சலிப்பு வகுப்பறையில். தெரிவு எதுவும் கொடுக்காமல் "இலக்கணக்குறிப்பு எழுதுக" என்று பத்துச் சொல் கொடுங்கள். வந்த தவறான விடைகளைச் சொல்வாரியாக எண்ணுங்கள். அதிகம் வந்த நான்கைந்து பிழைகள்தான் உங்கள் மூலப்பொருள். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் நமக்குத் தெரிந்த ஆறு தொகையில் மூன்றை எடுத்துப் போட்டுவிடுவோம். பிள்ளைகளின் பிழை தொகைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இரண்டாவது சலிப்பு மேசையில். ஒவ்வொரு பிழைக்கும் "இது ஏன் தவறு" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் "பெரும்பாலும்", "பொதுவாக", "இங்கே அப்படிக் கொள்வதில்லை" என்று வந்தால் அந்தத் தெரிவு வேண்டாம். பெயரெச்சம் இங்கே விழுந்துவிடும்.

---

அச்சுக்கோப்பு | 14 ஜூன், மாலை 4.20

வினாத்தாள் தட்டச்சு செய்பவன் என்ற முறையில் ஒன்று. நீங்கள் விடையை ஓர் ஒற்றின் மேல் நிறுத்துகிறீர்கள், அந்த ஒற்றுதான் எங்களிடம் முதலில் தடுமாறும். கையெழுத்துப்படியில் "அலைகடல்" என்று இருப்பதைப் பிழைதிருத்துபவர் "அலைக்கடல்" என்று "திருத்தி" அனுப்புவார். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது புள்ளி விழுந்தும் போகும், வேண்டாத இடத்தில் வந்தும் சேரும். இரண்டு பத்தியாக அடித்தால் சொல் வரிக்கடைசியில் உடையும். "அலை" ஒரு வரியிலும் "கடல்" அடுத்த வரியிலும் நின்றால் படிப்பவருக்கு அது தொகைச்சொல்லாகவே தெரியாது.

ஒற்றைச் சார்ந்த வினா என்றால் கையெழுத்துப்படியில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடிட்டு, ஓரத்தில் "ஒற்று இல்லை, மாற்ற வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். மெய்ப்புப் பார்க்கும்போது வினாக்களை மட்டும் பார்க்காமல் தெரிவுகளையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

---

நூற்பா | 15 ஜூன், காலை 6.00

முதல் நாள் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். "வேற்றுமைத்தொகை என்றால் மிகும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியது தவறு.

மறுபடி நன்னூலை எடுத்துப் பார்த்தேன். தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நூலே சொல்கிறது. உரையில் வரும் "மரவேலி" ஆறு வகையாக விரியும்: மரத்தைக் காக்கும் வேலி, மரத்துக்கு வேலி, மரத்தினது வேலி, மரத்தின் புறத்து வேலி, மரத்தாலாகிய வேலி, மரமாகிய வேலி. கடைசியாகச் சொன்னதை எடுத்தால் அது வேற்றுமைத்தொகையே அல்ல, பண்புத்தொகைப் பக்கம் போய்விடுகிறது.

இலக்கண ஆசிரியரே மயங்கும் என்று சொல்லியிருக்கும்போது, தனிச்சொல்லைக் கொடுத்து ஒரே விடை கேட்பது எப்படி நியாயம்? தொகையில் பலவுள் தெரிக வினாவே கேட்கக் கூடாதோ என்று தோன்றுகிறது.

---

செம்மைக்கோல் | 15 ஜூன், காலை 9.30

கேட்கலாம். மயக்கத்தைத் தீர்க்கும் சாட்சி வினாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். "தச்சர் செய்த மரவேலி" என்று தொடரில் வைத்தால் மரத்தாலாகிய வேலி என்று குறுகிவிடும்.

இதே முறை வினையாலணையும் பெயருக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். "வென்றார்" என்று தனியாகக் கொடுத்தால் வினைமுற்றா, வினையாலணையும் பெயரா என்று சொல்லவே முடியாது. பல தாள்களில் அப்படித்தான் கேட்கிறார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

'வென்றாரை ஊரார் வாழ்த்தினர்' – இத்தொடரில் 'வென்றார்' என்பது
அ) தொழிற்பெயர்
ஆ) பெயரெச்சம்
இ) வினைமுற்று
ஈ) வினையாலணையும் பெயர்

இங்கே சாட்சி 'ஐ' உருபு. வேற்றுமை உருபு பெயரின் பின்தான் வரும், எனவே வினைமுற்று விழுந்தது. வென்றவரைக் குறிக்கிறது, இறந்தகாலம் காட்டுகிறது. தொழிற்பெயர் வெல்லுதல் என்ற செயலைக் குறிக்கும், காலம் காட்டாது, அதுவும் விழுந்தது. பெயரெச்சம் என்றால் "வென்ற" என்று நின்று அடுத்து ஒரு பெயரை எதிர்பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரு வரியில் காரணம் சொல்லிவிட்டேன், எதிலும் "பெரும்பாலும்" வரவில்லை.

தெரிவுகளும் சும்மா வைத்தவை இல்லை. 'ஆர்' விகுதியை மட்டும் பார்ப்பவர் இ-க்குப் போவார். வினையிலிருந்து பிறந்த பெயர் என்பது வரை தெரிந்து, அடுத்த படி தெரியாதவர் அ-வுக்குப் போவார். விடைத்தாளைப் பார்த்தாலே யாருக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்று தெரியும்.

---

நூற்பா | 15 ஜூன், காலை 10.00

வென்றாரை, சரி. மரவேலியை ஏற்க மாட்டேன். தச்சர் செய்தாலும் "மரமாகிய வேலி" என்று விரிக்க இடம் இருக்கிறது.

---

செம்மைக்கோல் | 15 ஜூன், காலை 10.20

தச்சர் மரத்தை வைத்துச் செய்கிறார், அதனால் 'ஆல்' என்பேன். ஆனால் நாம் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போதே அது தாளுக்கு ஆகாது. எடுத்துவிடலாம்.

---

பள்ளிமணி | 16 ஜூன், இரவு 8.50

அலைகடல் விடைகளைப் பிரித்து எண்ணினேன். நாற்பது பேர். ஆ 24, ஈ 11, அ 5, இ பூஜ்யம். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே இருக்கும் 11 பேரில் ஆ எழுதியவர் 5, ஈ எழுதியவர் 6. கீழே இருக்கும் 11 பேரில் ஆ 6, ஈ 2, அ 3. இது என்ன கணக்கு, நன்றாகப் படிக்கிறவர்கள்தான் அதிகம் தப்பு செய்திருக்கிறார்களே!

---

செம்மைக்கோல் | 16 ஜூன், இரவு 9.40

இதைத்தான் பார்க்கச் சொல்ல நினைத்தேன், நீங்களே எண்ணிவிட்டீர்கள். மேலே 27 விழுக்காடு, கீழே 27 விழுக்காடு என்று எடுப்பது வழக்கம். நாற்பதுக்கு 11 என்று எடுத்தது சரி. மேல்குழுவில் சரியாக எழுதியவர் 5, கீழ்க்குழுவில் 6. வித்தியாசத்தை 11-ஆல் வகுத்தால் −0.09. நல்ல வினாவில் இந்த எண் 0.3-க்கு மேல் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகப்பட வேண்டும், பிறகு வினாவை, கடைசியாகத்தான் மாணவரை.

மேல்குழுவினர் ஒரே தவறான தெரிவில் குவிந்திருப்பதைக் கவனியுங்கள். தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் அ, இ, ஈ மூன்றிலும் சிதறியிருப்பார்கள். ஆறு பேரும் ஈ-யில் இருக்கிறார்கள் என்றால் யோசித்து அங்கே போயிருக்கிறார்கள். தொகையை விரிக்கத் தெரிந்தவருக்குத்தான் "அலையை உடைய கடல்" தோன்றும். கீழ்க்குழுவினர் 'அலைகடல் வினைத்தொகை' என்று உருப்போட்டதை எழுதியிருக்கலாம்.

உவமைத்தொகை பூஜ்யம். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடாத தெரிவு இருந்தும் இல்லாதது போலத்தான். தம்பி சொன்னது சரியாகிவிட்டது.

முதல் நாள் கேட்டதற்கு என் கருத்து: ஈ எழுதிய 11 பேருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

---

நூற்பா | 16 ஜூன், இரவு 10.05

கொடுக்கக் கூடாது என்றே இன்னும் நினைக்கிறேன். ஒற்றில்லாத சொல்லை வேற்றுமைத்தொகை என்று எழுதினால் இலக்கணப்படி பிழை. வினா கடினம் என்பது வேறு, விடை இரண்டு என்பது வேறு. அடுத்த முறை இந்தச் சொல்லை வைக்காதீர்கள், அது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

---

பள்ளிமணி | 17 ஜூன், காலை 6.45

சொல்லையும் மாற்றி, வினாவையும் திருப்பிப் போட்டிருக்கிறேன். பெயரைக் கேட்காமல் எடுத்துக்காட்டைக் கேட்கிறேன்:

வினைத்தொகை எது?
அ) தேய்ந்த பிறை
ஆ) தேய்பிறை
இ) பிறைநுதல்
ஈ) வெண்பிறை

---

செம்மைக்கோல் | 17 ஜூன், காலை 8.00

திருப்பிப் போட்டதால் ஒரு பெரிய லாபம். பிறைநுதல் உவமைத்தொகையா, அந்த நுதலை உடைய பெண்ணைக் குறிக்கும் அன்மொழித்தொகையா என்ற சண்டை இனி நமக்கு வேண்டாம். எதுவானாலும் அது வினைத்தொகை இல்லை, அது போதும். தவறான தெரிவுகளுக்குள் மயக்கம் இருந்தால் விடைக்குறிப்பு ஆடாது. நாலும் பிறையைச் சுற்றியே இருப்பதால் பொருளை வைத்து ஊகிக்கவும் வழியில்லை. அகரவரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள், அதையே எல்லா வினாவுக்கும் வையுங்கள். விடையை இ-யிலேயே ஒளிக்கும் பழக்கம் தானாகப் போய்விடும்.

---

குரூப்நாலு | 17 ஜூன், காலை 9.15

எனக்கு இது ஈஸி சார். வினைத்தொகைன்னா வினை இருக்கணும். 'தேய்' இருக்கிறது ரெண்டுதான். பிறைநுதலும் வெண்பிறையும் அவுட். மிச்சம் ரெண்டுல ஒண்ணு, பாதிக்குப் பாதி சான்ஸ்.

---

பள்ளிமணி | 17 ஜூன், இரவு 9.00

அவர் சொல்வது சரிதான். பிறைநுதலை எடுத்துவிட்டு "தேயாப்பிறை" வைக்கிறேன். அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தேயாத என்பதில் 'த' போய்விட்டது, காலமும் வெளிப்படையாக இல்லை. "காலம் மறைந்தால் வினைத்தொகை" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே போவார்.

அ) தேய்ந்த பிறை
ஆ) தேய்பிறை
இ) தேயாப்பிறை
ஈ) வெண்பிறை

---

அச்சுக்கோப்பு | 18 ஜூன், காலை 11.00

அ-வில் மட்டும் சொல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. தவறான தெரிவுதான் தனித்துத் தெரிகிறது என்பதால் விடையைக் காட்டிக்கொடுக்காது, ஆனால் கண்ணில் படும். "தேய்ந்தபிறை" என்று சேர்த்து அடித்தால் வேறு வம்பு வரும். அப்படியே விடுங்கள்.

தெரிவுகளை நான்கு வரியாகவே அடிக்கச் சொல்லுங்கள். இரண்டிரண்டாக ஒரே வரியில் போட்டால் சிலர் அ, ஆ என்று குறுக்கே படிப்பார்கள், சிலர் அ, இ என்று கீழே படிப்பார்கள். விடைத்தாளில் எழுத்து மாறிப்போகும்.

---

குரூப்நாலு | 18 ஜூன், மதியம் 2.10

இப்போ கஷ்டம். நான் இ-தான் போட்டிருப்பேன்.

---

பள்ளிமணி | 27 ஜூன், இரவு 9.20

வேறு பிரிவுக்கு வைத்தேன், 38 பேர். தேய்பிறை 21, தேய்ந்த பிறை 8, தேயாப்பிறை 7, வெண்பிறை 2. மேலே பத்துப் பேரில் சரியாக எழுதியவர் 9, கீழே பத்துப் பேரில் 3.

விடைக்குறிப்போடு ஒவ்வொரு தெரிவுக்கும் காரணமும் எழுதிவைத்துவிட்டேன், விடை தெரியாத இன்னோர் ஆசிரியரிடம் தாளைக் கொடுத்துத் தனியாக எழுதவும் சொன்னேன். இந்த வினாவில் அவர் விடையும் என் விடையும் ஒன்று. ஆனால் இன்னொரு வினாவில் மாறிவிட்டது: "வாழ்த்துகள், வாழ்த்துக்கள் – சரியான வடிவம் எது?" அவர் இரண்டும் வழக்கில் உண்டு என்கிறார். நான் ஒற்று மிகாத வடிவத்தை விடையாக வைத்திருந்தேன்.

---

செம்மைக்கோல் | 28 ஜூன், காலை 6.50

6-ஐ 10-ஆல் வகுத்தால் 0.6. நல்ல வினா, பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வெண்பிறை இரண்டு பேரோடு விளிம்பில் நிற்கிறது, அடுத்த முறை அதை மாற்றிப் பாருங்கள்.

மேல்குழுவில் தவறிய அந்த ஒருவர் எதை எழுதினார்?

வாழ்த்துகளை எடுத்துவிடுங்கள். அறிஞர்களே இரு பக்கமாக நிற்கும் வடிவத்தை ஒரு மதிப்பெண் வினாவில் தீர்க்க முடியாது. ஒற்றைத்தான் சோதிக்க வேண்டும் என்றால் சண்டை இல்லாத இடம் நிறைய இருக்கிறது: அந்தப் பையன், எழுதாப் பாடல், சுடுசோறு.

---

நூற்பா | 28 ஜூன், காலை 7.30

எடுக்க வேண்டியதில்லை. "பாடநூலின்படி" என்று வினாவில் சேர்த்துவிட்டு, பாடநூலில் எந்த வடிவம் இருக்கிறதோ அதை விடையாக வைக்கலாம். பள்ளித் தேர்வுக்கு அதுதான் அளவுகோல்.

---

செம்மைக்கோல் | 28 ஜூன், காலை 7.50

அப்போது கேட்பது இலக்கணம் இல்லை ஐயா, பக்கத்தை நினைவு வைத்திருக்கிறார்களா என்று. அதுவும் பாடநூல் அடுத்த பதிப்பில் மாறினால் பெட்டியில் இருக்கும் வினாவும் பொய்யாகிவிடும்.

---

நூற்பா | 28 ஜூன், காலை 8.05

பாடநூலை விட்டால் ஆசிரியர் எதைக் காட்டி ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வார்? நூற்பா எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்று மரவேலியிலேயே பார்த்தோம்.

---

பள்ளிமணி | 28 ஜூன், இரவு 9.15

இந்த முறைக்கு வாழ்த்துகளை எடுத்துவிட்டேன்.

மேல்குழுவில் தவறியவள் தேயாப்பிறை எழுதியிருந்தாள். "காலம் தெரியவில்லையே, அதுவும் காலம் கரந்ததுதானே" என்று கேட்டாள். தேய் என்ற பகுதி அப்படியே பிறையோடு சேர்ந்தால்தான் வினைத்தொகை, இங்கே நடுவில் எதிர்மறை ஆகாரம் நிற்கிறது என்றேன். 'ப்' மிகுந்திருப்பதையும் காட்டினேன். ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் கேட்டது அலைகடல் பிள்ளைகள் கேட்டது போலவே இருந்தது. நூற்பா ஐயா, இதிலும் பின்னால் ஆட்சேபம் வருமா?

---

நூற்பா | 29 ஜூன், காலை 6.10

வராது. அலைகடலில் நமக்கு ஒற்று மட்டும்தான் துணை. இங்கே ஒற்றை மறைத்து "தேயாபிறை" என்று தவறாக அச்சிட்டாலும் அந்த 'ஆ' நடுவில் நின்று விடை சொல்லிவிடும்.